சொந்தமாக ஒரு /24: வரிசை, விலை, வாடகை

இரண்டு இணையச் சேவை நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கியிருக்கும் சின்ன நெட்வொர்க். ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் அதே முகவரிகளோடு ஓட வேண்டும். அதற்கு நெட்வொர்க்கை இணையத்தில் அடையாளம் காட்டும் ஓர் ஏஎஸ் எண்ணும், குறைந்தது ஒரு /24 தொகுதியும், அதாவது 256 ஐபிவி4 முகவரிகளும் தேவை. கோட்டுக்குப் பின்னுள்ள எண் குறையக் குறையத் தொகுதி பெரிது. /24ஐவிடச் சின்னதை, நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லும் பிஜிபியில் அறிவித்தால் பெரும்பாலோர் வடிகட்டிவிடுவார்கள்.

ஏஎஸ் எண் தொல்லையில்லாதது. 32 பிட் ஆனபிறகு பற்றாக்குறையே கிடையாது. யார் யாரோடு இணையப்போகிறோம் என்று சொன்னால் உங்கள் பகுதிக்கு எண்களைப் பங்கிடும் மண்டலப் பதிவகம் கொடுத்துவிடும். தலைவலி முகவரிதான். பதிவகங்களுக்கு முகவரி வழங்கும் உலக அமைப்பான ஐயானா தன் கையிருப்பின் கடைசி ஐந்து /8 தொகுதிகளை 2011 பிப்ரவரியில் பதிவகத்துக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்து முடித்துவிட்டது.

முதல் வழி, பதிவகத்திடமே கேட்பது. இங்கே நீங்கள் எந்த மண்டலம் என்பதுதான் எல்லாம். ஆசிய-பசிபிக் பதிவகமான ஏப்னிக்கில் புதிய உறுப்பினருக்கு அதிகபட்சம் /23. ஐரோப்பாவும் மேற்கு ஆசியாவும் அடங்கிய ரைப் என்சிசியில் காத்திருப்போர் பட்டியல். இதுவரை ஐபிவி4 எதுவும் பெறாத உறுப்பினருக்கு ஒரே ஒரு /24. வட அமெரிக்காவின் ஏரினிலும் பட்டியல்தான், உச்சவரம்பு /22. அப்படிக் கிடைத்ததை 60 மாதத்துக்குக் கைமாற்ற முடியாது. அவசரமில்லாதவருக்கு இதுவே மலிவு.

இரண்டாவது, விலைக்கு வாங்குவது. 2011இல் திவாலான நோர்டெல்லிடம் மைக்ரோசாஃப்ட் 6,66,624 முகவரிகளை 75 லட்சம் டாலருக்கு வாங்கியது, ஒன்றுக்கு 11.25 டாலர். காசு கொடுத்தால் மட்டும் போதாது, பதிவேட்டில் பெயர் மாற வேண்டும். ஏரினும் ஏப்னிக்கும் தேவையை நிரூபிக்கச் சொல்லும்; ரைப் தன் மண்டலத்துக்குள் அதைக் கேட்பதில்லை.

மூன்றாவது, வாடகை. சீக்கிரம் கிடைக்கும், ஆனால் பதிவேட்டில் பெயர் உரிமையாளருடையதே. எந்த ஏஎஸ் அறிவிக்கலாம் என்று கையெழுத்திடும் ஆர்ஓஏவை அவர்தான் போட வேண்டும். உதாரணமாக, உங்கள் எண் AS64500, 203.0.113.0/24 தொகுதியை எடுக்கிறீர்கள். பழைய வாடகைதாரரின் AS64499க்கான ஆர்ஓஏ மட்டும் அப்படியே இருக்கிறது. ஆர்ஓஏ அறவே இல்லாவிட்டால் உங்கள் அறிவிப்பு 'NotFound' என்ற நிலையில் பெரும்பாலும் கடந்துபோயிருக்கும். பழையது கிடப்பதால் 'Invalid' ஆகிறது. சரிபார்க்கும் நெட்வொர்க்குகள் தூக்கி எறிகின்றன. வெளியே தெரிவது என்னவோ, சில தளங்கள் திறக்கும், சில திறக்காது. ஆட்கள் கேபிளையும் ஃபயர்வாலையும் குடைந்துகொண்டிருப்பார்கள். ஆர்ஓஏக்களை வைத்துச் சோதிக்கும் ஆர்பிகேஐ சரிபார்ப்புக் கருவியில் முகவரித் தொகுதியையும் ஏஎஸ் எண்ணையும் சேர்த்துக் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சேவை நிறுவனமே தரும் /24 நாலாவது வழி. மாறிப்போகும் நாளில் திருப்பிக் கொடுத்து எல்லாவற்றுக்கும் எண் மாற்ற வேண்டும். ஓரிரு வருடத் தேவைக்கு மட்டும் சரி.

என்னைக் கேட்டால், பட்டியலில் இன்றே பெயர் கொடுத்துவிட்டு, இடைக்காலத்துக்கு வாடகை எடுப்பேன். ஆனால் ஆர்ஓஏ மாற்றம் எத்தனை மணி நேரத்துக்குள் நடக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்காமல் முதல் மாதப் பணம் கட்டமாட்டேன்.