சைக்கிள் கவுண்ட் நாலு வருஷம் ஓட்டின அனுபவம்: எண்றது ஈஸி, என்ட்ரி போடறதுலதான் வம்பு

கோடவுன் கணக்கு பாக்கறவன் நான். முன்னாடியெல்லாம் வருஷக் கடைசில ரெண்டு நாள் எல்லாத்தையும் மூடிட்டு ஒட்டுமொத்தமா எண்ணுவோம், ஆபீஸ்ல இருக்கறவங்களையும் இழுத்துட்டு வந்து ஆளுக்கொரு ரேக் குடுத்துடுவோம், ராத்திரி பத்து மணிக்கு எண்ற ஆளுக்கு 6 எம்எம்மும் 8 எம்எம்மும் ஒண்ணாதான் தெரியும். கடைசில ஒரு வித்தியாச லிஸ்ட் வரும், பக்கம் பக்கமா. சில ஐட்டம் கூட, சில ஐட்டம் கம்மி, ரெண்டையும் கழிச்சுப் பாத்தா சின்னத் தொகைதான் நிக்கும், "பரவால்லையே"ன்னு ஒரே என்ட்ரில செலவுல எழுதி முடிச்சிடுவோம். அந்தச் சின்னத் தொகைக்குள்ள எவ்ளோ பெரிய கூடுதலும் குறையும் ஒண்ணையொண்ணு மறைச்சிட்டு உக்காந்திருக்குன்னு யாரும் பாக்கல. பாத்திருந்தாலும் பத்து மாசம் முன்னாடி நடந்த தப்பை எங்க போய் தேடறது?

நாலு வருஷம் முன்னாடி சைக்கிள் கவுண்டுக்கு மாறினோம், அதாவது எல்லாத்தையும் ஒரேயடியா எண்ணாம, தினமும் கொஞ்சம் ஐட்டம்னு வருஷம் பூரா சுத்தி எண்றது. மதிப்பு அதிகமா இருக்கற ஏ ஐட்டம் மாசாமாசம், பி மூணு மாசத்துக்கு ஒருதடவை, சி வருஷத்துக்கு ஒருதடவை. தினமும் காலைல ஒரு மணி நேரம், ரெண்டு பேர், வேலை எதுவும் நிக்காது. எண்றவர் கையில இருக்கற ஷீட்ல சிஸ்டம் அளவு இருக்காது, இருந்தா அதையேதான் எழுதுவாங்க, மனுஷ புத்தி அப்படி.

வேலை நிக்காததுதான் இதோட பெரிய லாபம், முதல் வருஷம் எங்களைக் கவுத்ததும் அதேதான். ஒரு பேரிங். காலைல 9 மணிக்கு சிஸ்டம்ல 240, ரேக்ல 229. 11 கம்மி. சரி, சாயங்காலம் என்ட்ரி போட்டுக்கலாம்னு விட்டுட்டேன், நடுவுல 30 பீஸ் வெளிய போயிடுச்சு, அதுக்கு ஸ்லிப்பும் ஒழுங்கா ஏறிடுச்சு. அஞ்சு மணிக்கு நான் உக்காந்து "இருப்பு = 229"ன்னு அடிச்சேன். அப்போ சிஸ்டம்ல இருந்தது 210. அதனால அது என்ன பண்ணுச்சு, 19 பீஸைக் கூட்டிடுச்சு! ரேக்ல உண்மையா இருந்தது 199தான். ஒரு பீஸ் அடக்கவிலை 40ன்னு வெச்சுக்கோங்க, ஸ்டாக் கணக்குல 440 குறைய வேண்டிய இடத்துல 760 ஏறிடுச்சு. பற்று வரவு ரெண்டும் டேலி ஆகும், அதனால லெட்ஜரைப் பாத்து யாருக்கும் சந்தேகமே வராது.

அடுத்த மாசம் எண்ணும்போது 30 கம்மி. திருட்டுன்னுதான் முதல்ல பேச்சு வந்துச்சு, ஸ்டோர்ஸ்ல இருந்த அண்ணன் முகமே செத்துப்போச்சு. அப்புறம் 30ங்கற நம்பரை எங்கயோ பாத்தோமேன்னு பழைய ஸ்லிப்பை எடுத்துப் பாத்தா, போன தடவை எண்ணின அன்னிக்குப் போனதும் கரெக்டா 30! தப்பு என்னோடதுதான்னு அங்கயே தெரிஞ்சிடுச்சு.

அதுலேர்ந்து ஒரே ரூல், எண்ணின நேரத்துல சிஸ்டம் என்ன காட்டுச்சோ அதையும் ஷீட்ல நான் எழுதிடுவேன், என்ட்ரில போறது வித்தியாசம் மட்டும்தான், அதாவது -11. மொத்த இருப்பை அடிக்கவே கூடாது. நடுவுல எவ்ளோ சரக்கு போனாலும் வந்தாலும் -11 மாறாது.

இன்னொண்ணு, அந்த 11. தப்பா ஏறின 19ஐ ரிவர்ஸ் பண்ணிட்டு, 11ஐ ஸ்டாக் குறைவுச் செலவுல எழுதப் போனேன், அப்போதான் பொறி தட்டுச்சு. இந்த பேரிங் ஒரு பாக்ஸ்ல 12 வரும். 12லேர்ந்து 1 போனா 11. தேடினா கிடைச்சிடுச்சு, ஒரு வேலைக்குச் சரக்கு குடுத்த ஸ்லிப்ல "1 பாக்ஸ்"ன்னு எழுதினதை "1 பீஸ்"னு ஏத்தியிருக்காங்க. அப்போ இது நஷ்டமே இல்ல, அந்த வேலைக்குப் போன சரக்கு, அதனால 440 அந்த வேலையோட செலவுலதான் ஏறணும். குறைவுச் செலவுல போட்டிருந்தா அந்த வேலை லாபமாத் தெரிஞ்சிருக்கும், பாக்ஸ்-பீஸ் குழப்பமும் அப்படியே தொடர்ந்திருக்கும். ஸ்லிப் நடந்து சில வாரம்தான் ஆகியிருந்ததால கிடைச்சுது, வருஷக் கடைசி லிஸ்ட்ல இந்த 11 ஒரு ஓரமாப் போயிருக்கும். இப்போ வித்தியாசம் வந்தா வேற ஆளை வெச்சு மறுபடி எண்ணி, ஏறாத ஸ்லிப் இருக்கான்னு பாத்து, காரணமே கிடைக்கலன்னாதான் குறைவுச் செலவு, அதுவும் அந்த மாசத்துலயே.

குறையும் இருக்கு. சிஸ்டம்ல ஜீரோன்னு இருக்கற ஐட்டம் எண்ற லிஸ்ட்லயே வராது, ஆனா எங்கயோ ஒரு மூலைல நாலு பெட்டி இருக்கும். இடம் மாத்தி வெச்ச சரக்கும் அப்படித்தான், இங்க கம்மின்னு எழுதிடுவோம், அடுத்த ரேக்ல கூட இருக்கறது வேற வாரம்தான் தெரியும். முழுசா எண்ணினா இது ரெண்டும் ஒரே நாள்ல மாட்டியிருக்கும், அதை மறுக்க முடியாது. அதனால வருஷக் கணக்கெடுப்பை நாங்க முழுசா விடல, ஆனா இப்போ பாதி நாள்தான், ரேக் ரேக்கா நடந்து, காலியா இருக்கணும்னு சிஸ்டம் சொல்ற ரேக் கட்டம் எல்லாம் நிஜமாவே காலியான்னு மட்டும் கையை விட்டுப் பாக்கறோம். போன தடவை அப்படி மூணு கட்டத்துல சரக்கு இருந்துச்சு.