கைப்பேசித் திரையைத் தொலைக்காட்சிக்கு அனுப்புதல்: மிராகாஸ்ட், கூகுள் காஸ்ட், ஏர்ப்ளே ஓர் ஒப்பீடு

கைப்பேசியில் ஓடும் படத்தைக் கம்பியில்லாமல் தொலைக்காட்சியில் காட்டும் முறைகளை ஒப்பிடும்போது, எதில் படம் தெளிவு, எது வேகம் என்ற கேள்விகளே முதலில் எழுகின்றன. அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, காணொளியை இணையத்திலிருந்து எடுத்து ஓட்டுவது எந்தக் கருவி என்பதாகும். கைப்பேசியே காணொளியைப் பெற்று, தன் திரையை நொடிக்குப் பலமுறை படமாக்கித் தொலைக்காட்சிக்கு அனுப்பினால் அது ஸ்கிரீன் மிரரிங். காணொளியின் இணைய முகவரியை மட்டும் கைப்பேசி கொடுத்துவிட, தொலைக்காட்சியே நேரடியாக இணையத்திலிருந்து காணொளியை எடுத்துக்கொண்டால் அது காஸ்டிங். பேச்சுவழக்கில் இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் தெளிவு, தாமதம், பேட்டரி, டேட்டா ஆகிய நான்குமே இந்த ஒரு வேறுபாட்டைப் பொறுத்தே அமைகின்றன.

உங்கள் வீட்டில் நடப்பது எது என்பதை ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அரை நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். தொலைக்காட்சியில் படம் ஓடத் தொடங்கிய பிறகு கைப்பேசியை ஏர்ப்ளேன் மோடுக்கு மாற்றி, வைஃபையும் அணைந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். படம் உடனே நின்றால் கைப்பேசிதான் அனுப்பிக்கொண்டிருந்தது. எதுவும் நடக்காததுபோல் படம் தொடர்ந்து ஓடினால், தொலைக்காட்சி தானாகவே எடுத்துக்கொண்டிருக்கிறது.

மிராகாஸ்ட் முழுக்க முழுக்க முதல் வகையைச் சேர்ந்தது. வைஃபை அலையன்ஸ் அமைப்பு 2012இல் இதற்கான சான்றளிப்பைத் தொடங்கியது. சாம்சங் கைப்பேசிகளில் Smart View என்ற பெயரிலும், பிற நிறுவனங்களின் கைப்பேசிகளில் Cast, Screencast போன்ற பெயர்களிலும் இருப்பது பெரும்பாலும் இதுவே. கைப்பேசியும் தொலைக்காட்சியும் வைஃபை டைரக்ட் வழியாகத் தமக்குள் நேரடி இணைப்பை ஏற்படுத்திக்கொள்வதால் ரவுட்டரும் வேண்டாம், இணையமும் வேண்டாம். பிராட்பேண்ட் இல்லாத வீட்டிலும், விடுதி அறையிலும், ஊரிலிருக்கும் தாத்தா பாட்டிக்குக் குழந்தையின் காணொளிகளைக் காட்டும்போதும் இது கைகொடுக்கும். கைப்பேசித் திரையில் எது தெரிகிறதோ அது அப்படியே தொலைக்காட்சியிலும் தெரியும் என்பதால், காஸ்ட் பொத்தான் இல்லாத செயலிகளையும் இதில் காட்ட முடிகிறது.

இந்த வசதிக்கான விலையைப் படத்தின் தரத்தில் கொடுக்கிறோம். கைப்பேசி காணொளியைப் பிரித்துத் திரையில் காட்டி, அந்தத் திரையை மீண்டும் சுருக்கி அனுப்ப, தொலைக்காட்சி அதை இன்னொரு முறை பிரிக்கிறது. வேகமாக அசையும் காட்சிகளிலும் இருட்டான காட்சிகளிலும் கட்டம் கட்டமாகத் தெரிவது இந்த இரட்டைச் சுருக்கத்தால்தான். மூலக் காணொளி 4கே தரத்தில் இருந்தாலும், வந்து சேருவது பொதுவாக 1080 வரிசைப் படமாகவே இருக்கும்.

பலர் கவனிக்காத இன்னொரு இழப்பு படத்தின் அளவில் நேர்கிறது. இன்றைய கைப்பேசித் திரைகள் பல 20:9 விகிதத்தில் நீண்டிருக்கின்றன, தொலைக்காட்சியோ 16:9. பக்கவாட்டில் பிடித்த கைப்பேசியில் 16:9 காணொளி ஓடும்போது இடமும் வலமும் கருப்புப் பட்டைகள் விழுகின்றன. அந்த நீண்ட திரையை அப்படியே தொலைக்காட்சியில் பொருத்தும்போது மேலும் கீழும் பட்டைகள் சேர்கின்றன. கணக்கிட்டுப் பார்த்தால், படம் அகலத்தில் 80 விழுக்காடும் உயரத்தில் 80 விழுக்காடும் மட்டுமே பிடிக்கிறது. பரப்பில் 64 விழுக்காடு. 43 அங்குலத் தொலைக்காட்சி வாங்கியவர் உண்மையில் 34 அங்குலப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான்கு பக்கமும் கருப்புச் சட்டம் தெரிந்தால் காரணம் இதுவே. சில கைப்பேசிகளின் மிரரிங் அமைப்பில் விகிதத்தை மாற்றும் தெரிவு உண்டு. அதை ஒருமுறை தேடிப் பார்ப்பது நல்லது.

மிராகாஸ்டில் படம் திக்கித் திக்கி ஓடுவதற்குத் தொலைக்காட்சியைக் குறை சொல்கிறோம். பெரும்பாலும் காரணம் அலைவரிசைப் பகிர்வு. கைப்பேசி 2.4 கிகாஹெர்ட்ஸில் ரவுட்டரோடு இணைந்து யூடியூப் காணொளியை இறக்கிக்கொண்டே, 5 கிகாஹெர்ட்ஸில் தொலைக்காட்சிக்கும் அனுப்ப வேண்டியிருந்தால், இரண்டையும் ஒரே நேரத்தில் கையாள முடியாத கைப்பேசிகள் அங்கும் இங்கும் மாறி மாறித் தாவுகின்றன. ஒவ்வொரு தாவலிலும் படம் ஒரு கணம் நிற்கிறது. இதைச் சோதிக்க, காணொளியை முன்பே பதிவிறக்கி வைத்து, ரவுட்டர் இணைப்பைத் துண்டித்துவிட்டு, வைஃபை மட்டும் இயங்கும் நிலையில் மிரரிங் செய்து பாருங்கள். அப்போது சீராக ஓடினால் குற்றம் தொலைக்காட்சியில் இல்லை.

கூகுள் காஸ்ட் 2013இல் குரோம்காஸ்ட் என்ற சிறு கருவியோடு வந்தது. இன்று அது ஆண்ட்ராய்டு டிவி, கூகுள் டிவி ஆகியவற்றிலேயே உள்ளமைந்திருக்கிறது. யூடியூப் செயலியில் காஸ்ட் குறியைத் தொட்டதும் கைப்பேசி தொலைக்காட்சிக்குச் சொல்வது, எந்தக் காணொளியை எந்த நொடியிலிருந்து ஓட்ட வேண்டும் என்பதை மட்டுமே. அதன் பிறகு கைப்பேசி ஒரு ரிமோட்டாக மாறிவிடுகிறது. அழைப்பு வந்தால் பேசலாம், திரையை அணைக்கலாம், பேட்டரி கரையாது. இரட்டைச் சுருக்கமும் கருப்புச் சட்டமும் இல்லை; தொலைக்காட்சியின் முழுத் திரைக்கும் படம் வருகிறது. செயலியில் காஸ்ட் குறி இருக்கும்போது அதை விட்டுவிட்டு முழுத் திரையையும் மிரரிங் செய்து படம் பார்ப்பதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் தொலைக்காட்சியை இணைத்துப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கைப்பேசியில் 480 வரிசைத் தரத்தை நீங்கள் தேர்ந்திருந்தாலும், காஸ்ட் செய்தபின் தரத்தைத் தீர்மானிப்பது தொலைக்காட்சி. அது தனக்குக் கிடைக்கும் வேகத்துக்கேற்ப உயர்தரத்தை எடுத்துக்கொள்ளும் என்பதால், நாளைக்கு 1.5 ஜிபி என்ற அளவிலான திட்டம் ஒரு படம் முடிவதற்குள் தீர்ந்துவிடக்கூடும். தொலைக்காட்சியில் காணொளி ஓடும்போது அதன் தர அமைப்பைத் தனியாகக் குறைத்து வைப்பதே வழி.

காஸ்டில் அதிகம் கேட்கப்படும் புகார், தொலைக்காட்சியின் பெயரே பட்டியலில் வரவில்லை என்பது. இரு கருவிகளும் ஒரே உள்வலையில் இருந்தால்தான் ஒன்றையொன்று கண்டுகொள்ளும். வைஃபையின் பெயர் ஒன்றாக இருப்பது மட்டும் அதற்குப் போதாது. இணைய நிறுவனம் கொடுத்த மோடத்தின் வைஃபையில் தொலைக்காட்சியும், அதோடு கூடுதலாக இணைத்த ரவுட்டரில் கைப்பேசியும் இருக்கும் வீடுகளில் இது அடிக்கடி நேர்கிறது. இரண்டிலும் வைஃபை விவரப் பக்கத்தைத் திறந்து ஐபி எண்ணைப் பாருங்கள். ஒன்றில் 192.168.1.5 என்றும் மற்றொன்றில் 192.168.0.7 என்றும் இருந்தால், வழக்கமான வீட்டு ரவுட்டர் அமைப்பில் அவை இரு வேறு வலைகள் என்று பொருள். எண்களின் முதல் மூன்று பகுதிகள் பொருந்தியும் பெயர் வரவில்லையென்றால், இணைந்த கருவிகள் ஒன்றையொன்று காணாமல் தடுக்கும் AP Isolation என்ற அமைப்பு ரவுட்டரில் இயங்குகிறதா, தொலைக்காட்சி கெஸ்ட் வலையில் இருக்கிறதா, கைப்பேசியில் விபிஎன் ஓடுகிறதா என்று இந்த வரிசையில் பார்க்கலாம். விடுதிகளின் பொது வைஃபையில் காஸ்ட் வேலை செய்யாததும் பெரும்பாலும் இத்தகைய தடுப்பால்தான்.

காஸ்ட் முறைக்குள்ளேயே முழுத்திரை மிரரிங்கும் உண்டு. ஆண்ட்ராய்டு கைப்பேசியின் Google Home செயலியில் அதற்கான பொத்தான் இருக்கிறது, ஐபோனில் இல்லை. இதில் ரவுட்டருக்கு உண்மையான சுமை விழுகிறது. இணையக் காணொளி ரவுட்டரிலிருந்து கைப்பேசிக்கு ஒருமுறை, கைப்பேசியிலிருந்து ரவுட்டருக்கு ஒருமுறை, அங்கிருந்து தொலைக்காட்சிக்கு ஒருமுறை என மூன்று தடவை காற்றில் பயணிக்கிறது. தொலைக்காட்சியை லேன் கம்பியில் இணைத்துவிட்டால் ஒரு பயணம் குறையும். திக்கல் குறைவதை உடனே காணலாம்.

கூகுள் காஸ்ட் முறைக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. கருவி உண்மையானதுதானா என்பதைக் கைப்பேசி ஒரு மின்சான்றிதழைக் கொண்டு சரிபார்க்கிறது. 2025 மார்ச்சில் அத்தகைய சான்றிதழ் ஒன்று காலாவதியானதால், இரண்டாம் தலைமுறைக் குரோம்காஸ்ட் கருவிகள் உலகெங்கும் சில நாட்கள் செயலற்றுப் போயின. கூகுள் புதுப்பிப்பை அனுப்பிய பிறகே சீரடைந்தன.

ஆப்பிளின் ஏர்ப்ளே இரு வகைகளையும் ஒருங்கே செய்கிறது. காணொளிச் செயலியில் ஏர்ப்ளே குறியைத் தொட்டால் காணொளி மட்டும் செல்கிறது. கட்டுப்பாட்டு மையத்தில் Screen Mirroring என்பதைத் தொட்டால் திரை முழுவதும் செல்கிறது. 2019 முதல் சாம்சங், எல்ஜி, சோனி ஆகியவற்றின் பல தொலைக்காட்சிகளில் ஏர்ப்ளே 2 இடம்பெற்றுவிட்டதால், ஆப்பிள் டிவி பெட்டி கட்டாயமில்லை. ஐபோனில் மிராகாஸ்ட் கிடையாது. கூகுளின் பிக்சலிலும் கிடையாது. ஆகவே தொலைக்காட்சிப் பெட்டியில் “ஸ்கிரீன் மிரரிங்” என்று மட்டும் எழுதியிருந்தால், அது உங்கள் கைப்பேசியோடு பொருந்துமா என்று கடையிலேயே இணைத்துப் பார்த்து வாங்குவது பாதுகாப்பு.

கைப்பேசியிலேயே எடுத்த திருமணக் காணொளி ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 4கே தரம், எச்இவிசி வடிவம், பத்து நிமிடம், ஏறத்தாழ 1.7 ஜிபி. ஐபோனில் படத்தொகுப்பிலிருந்து ஏர்ப்ளே குறியைத் தொட்டால், ஏற்கும் திறனுள்ள தொலைக்காட்சிக்கு மீண்டும் சுருக்கப்படாமல் காணொளி போகும். ஆண்ட்ராய்டில் மிராகாஸ்ட் வழியே காட்டினால் உடனே ஓடும், ஆனால் பட்டுப்புடவையின் சரிகை வேலைப்பாடு மங்கிப்போகும். விஎல்சி செயலியிலிருந்து காஸ்ட் செய்தால் தொலைக்காட்சியே கோப்பைப் படிக்கிறது. ஆனால் முதல் மூன்று தலைமுறைச் சாதாரணக் குரோம்காஸ்ட் கருவிகளுக்கு எச்இவிசி தெரியாது. அப்போது கைப்பேசி ஒவ்வொரு நொடியையும் வேறு வடிவத்துக்கு மாற்றியபடி அனுப்ப வேண்டியிருப்பதால், கைப்பேசி சூடாகிப் படம் நின்று நின்று ஓடும். அதற்கு, கேமரா அமைப்பில் எச்.264 வடிவத்தைத் தேர்ந்து 1080 தரத்தில் எடுத்தால் போதும்.

மிரரிங் செய்யும்போது சந்தா செயலிகளில் ஒலி மட்டும் வந்து படம் கருப்பாகத் தெரிந்தால் அது பழுது அன்று; உரிமைப் பாதுகாப்பு திரைப்பதிவைத் தடுக்கிறது. வங்கிச் செயலிகளும் இவ்வாறே தம் திரையை மறைத்துக்கொள்ளும். குறுஞ்செய்தி அறிவிப்புகள் எல்லாக் கைப்பேசிகளிலும் அப்படி மறைவதில்லை. ஓடிபி எண்கள் கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடக்கூடும். Do Not Disturb அமைப்பில் அறிவிப்புகளைத் திரையில் காட்டாதவாறு வைத்துக்கொள்ள வேண்டும்.

விளையாட்டுகளுக்கு மட்டும் கணக்கு வேறு. கைப்பேசியில் நிறுத்தக் கடிகாரத்தை ஓடவிட்டு, அதை மிரரிங் செய்து, இரு திரைகளும் ஒன்றாகத் தெரியுமாறு வேறொரு கைப்பேசியில் புகைப்படம் எடுங்கள். இரு எண்களுக்கும் உள்ள வேறுபாடே தாமதம். தொலைக்காட்சியில் கேம் மோடை இயக்கி மறுபடியும் எடுத்தால் அது ஓரளவு குறைந்திருக்கும். அப்போதும் நொடியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால், வேகமான விளையாட்டுகளுக்கு எந்தக் கம்பியில்லா முறையும் சரிவராது. யூஎஸ்பி-சியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் கம்பிதான் தீர்வு. அதை வாங்கும் முன் உங்கள் கைப்பேசியின் விவரக்குறிப்பில் DisplayPort என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்த கைப்பேசிகள் பலவற்றின் யூஎஸ்பி-சி துளை சார்ஜ் ஏற்றவும் கோப்புகளை மாற்றவும் மட்டுமே பயன்படும். படத்தை வெளியே அனுப்பாது.