கட்டமா, பட்டியலா: வரவு இடாப்பை எப்படி வைப்பது?

கொழும்பில் மனிதவளப் பிரிவுக்குப் பயிற்சிக்குப் போனால் முதல் வாரமே கையில் தருவது வரவு இடாப்பு எக்செல் கோப்பைத்தான். அதை இரண்டு விதமாக வைத்திருப்பார்கள். ஒன்று கட்டம்: இடப்பக்கம் பெயர்கள், மேலே திகதிகள், நடுவே வந்தவருக்கு P, அமய விடுமுறைக்கு CL, வருடாந்த விடுமுறைக்கு AL, நோ-பே எனும் சம்பளமில்லாத லீவுக்கு NP என்று குறியீடுகள். மற்றது பட்டியல்: ஒரு லீவுக்கு ஒரு வரி. கொள்ளுப்பிட்டியில் ஓர் அலுவலகத்தில் ஆறு மாதம் இரண்டிலும் வேலை செய்தேன். சம்பளத்துக்குக் கணக்குக் கொடுக்கப் பட்டியல்தான் சரி என்பது என் முடிவு. ஆனால் கட்டத்தை விட்டுவிடவும் மனமில்லை.

காலையில் கட்டத்துக்கு நிகரில்லை. கைரேகை இயந்திரத்தின் பதிவைப் பார்த்துக் குறியீடு போட்டுக்கொண்டே வந்தால், யாருடைய கூடு வெறுமையாக இருக்கிறதோ அவரை மட்டும் விசாரித்தால் போதும். பட்டியலில் இது தெரியாது. லீவுப் படிவம் தராமல் ஒருவர் நின்றுவிட்டால் அவருக்கு வரியே இருக்காது. வரி இல்லாதவர் வந்தவர் என்றே கணக்காகிவிடும்.

அரைநாள் லீவில் கட்டம் தடுமாறத் தொடங்கும். COUNTIF கூடுகளை எண்ணுமே தவிர நாட்களைக் கூட்டாது. அரைநாளுக்கு NPH என்று தனிக் குறியீடு வைத்து இப்படி எழுத வேண்டும்:

```
=COUNTIF(C5:AG5,"NP")+COUNTIF(C5:AG5,"NPH")*0.5
```

யாராவது NP-க்குப் பின்னால் தெரியாமல் ஓர் இடைவெளி தட்டிவிட்டால் அந்த நாள் எண்ணப்படாது. கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். அதனால் குறியீடுகளின் மொத்தம் மாத நாட்களோடு பொருந்துகிறதா என்று ஒவ்வொரு வரியிலும் பார்க்க வேண்டும்.

பெரிய சிக்கல் பிந்தி வரும் படிவம். என் கையில் நடந்ததையே சொல்கிறேன். அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய் வாங்கும் ஒருவர் ஜூன் 17 முழுநாளும் 18 காலையும் வரவில்லை, படிவமும் இல்லை. 25ஆம் திகதி ஒன்றரை நாள் நோ-பே என்று அனுப்பினேன். எங்கள் அலுவலகத்தில் மாதச் சம்பளத்தை 30ஆல் வகுப்பார்கள்; ஒரு நாளுக்கு 2,000. ஆகவே 3,000 கழிந்து 57,000 ஆனது. ஊழியர் சேமலாப நிதிக்கு அவருடைய 8 சதவீதமும் அந்த 57,000க்குத்தான், அதாவது 4,560 ரூபாய். ஜூலை 3ஆம் திகதி, 17ஆம் திகதிக்கு மனேஜர் கையெழுத்திட்ட அமய விடுமுறைப் படிவத்தோடு வந்தார். நான் ஜூன் கட்டத்தைத் திறந்து NP-ஐ CL ஆக்கிவிட்டு மூடினேன்.

தவறு அதில்தான். ஜூன் கோப்பு இப்போது அரைநாள் நோ-பே என்று காட்டுகிறது. சம்பளத்தில் வெட்டியதோ ஒன்றரை நாள். ஜூலைக் கட்டத்தில் அவர் பெயருக்கு எதிரே ஒன்றுமில்லை. அவர் சம்பளச் சீட்டோடு வந்து கேட்கும்வரை 2,000 ரூபாய் திருப்பிக் கொடுக்க வேண்டியிருப்பது எங்கள் கோப்பு எதிலும் இல்லை. கணக்குப் பகுதி அக்கா, "தம்பி, நீங்கள் அனுப்பின தாளில அப்படி இல்லையே" என்றார். அவர் சொன்னது சரிதான்.

பட்டியலில் பழைய வரியைத் தொடவே தேவையில்லை. A லீவு நாள், B ஊழியர் இலக்கம், C வகை, D நாட்கள், E பதிந்த திகதி, F எந்த மாதச் சம்பளத்துக்கு. படிவம் வந்ததும் 17ஆம் திகதிக்கு இரண்டு புது வரிகள்: NP -1, CL 1. இரண்டுக்கும் F-இல் 202607. ஜூலைக்குக் கூட்டினால்:

```
=SUMIFS(D:D,B:B,"E014",C:C,"NP",F:F,202607)
```

விடை -1 வரும். ஒரு நாள் நோ-பே திரும்பக் கொடுக்க வேண்டும் என்று அர்த்தம். ஜூலைச் சம்பளம் 62,000, சேமலாப நிதி 4,960. ஜூன் தொகை மாறாமல் அப்படியே நிற்கும். முதலாளியின் 12 சதவீதமும் நம்பிக்கை நிதிக்கான 3 சதவீதமும் இதே தொகைகளிலிருந்து கணக்கிடப்படுவதால் அவையும் தானாகச் சரியாகும்.

லீவு மீதி பார்க்கவும் பட்டியலே லேசு. கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி முதல் வருடத்தில் இரண்டு மாத வேலைக்கு ஒரு நாள்தான் அமய விடுமுறை. அடுத்த வருடத்திலிருந்து 7. கட்டத்தில் இதைப் பார்க்க ஒவ்வொரு மாதத் தாளாகப் புரட்ட வேண்டும்.

இப்போது காலை வேலையைக் கட்டத்தில் செய்கிறேன். வெறுங்கூடு எதுவானாலும் அன்று மாலைக்குள் பட்டியலில் ஒரு வரியாகிவிடும். படிவம் இல்லையென்றால் NP. 25ஆம் திகதி அனுப்புவதற்கு முன் இரண்டின் மொத்தத்தையும் ஒப்பிடுகிறேன். அனுப்பிய பிறகு அந்த மாதக் கட்டத்தைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிடுகிறேன்.