28 வாட்டை எப்படிச் சொல்வது? ஒரே ஃபேனுக்கு மூன்று விளம்பரங்கள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், கரண்ட் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. மோட்டார் வைத்த சீலிங் ஃபேன் செய்யும் ஒரு சிறு கம்பெனிக்கு விளம்பரம் எழுதிக் கொடுத்தேன். முதலாளி நீட்டிய தாளில் இருந்தது இவ்வளவுதான்: "சுவீப் 1200 மி.மீ., மின்நுகர்வு 28 வாட், வேகம் 350 ஆர்.பி.எம்., காற்று நிமிடத்துக்கு 220 கன மீட்டர், வோல்டேஜ் 140 முதல் 285 வரை, ரிமோட் உண்டு, ரெகுலேட்டர் இணைக்கக் கூடாது."

"தம்பி, இதைப் படிச்சா எனக்கே தூக்கம் வருது. கொஞ்சம் உயிரோட எழுதிக் குடுங்க" என்றார். மூன்று விதமாக எழுதி அருகருகே வைத்துப் பார்த்தோம்.

முதலாவது: "புயலெனக் காற்று! அதிநவீனத் தொழில்நுட்பம்! உங்கள் இல்லத்துக்கு அழகு சேர்க்கும் ஃபேன்!"

படிக்கச் சுறுசுறுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் 'ஃபேன்' என்ற சொல்லை மறைத்துவிட்டு 'ஏர் கூலர்' என்று போட்டாலும் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை. 'புயல்' என்பதும் சரியில்லை. நல்ல சாதாரண 48 இஞ்ச் ஃபேனும் ஏறக்குறைய இதே அளவு காற்றைத் தரும். இந்த ஃபேனின் சிறப்பு காற்றில் இல்லை, அந்தக் காற்றுக்கு அது எடுக்கும் கரண்டில் இருக்கிறது. இதை உடனே தள்ளிவிட்டோம்.

இரண்டாவது: "கரண்ட் பில் பாதியாகக் குறையும்!"

முதலாளிக்கு இதுதான் பிடித்தது. கடைக்காரர்களுக்கும் பிடிக்கும். அதனால் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினேன். பழைய ஃபேன் 75 வாட், இது 28. வித்தியாசம் 47 வாட். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் 705 வாட்-மணி, அதாவது 0.7 யூனிட். நம் ஊரில் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருகிறது. 60 நாளுக்குச் சுமார் 42 யூனிட் மிச்சம். ஒரு ஃபேனுக்கு இது நல்ல சேமிப்புதான். ஆனால் ஏசியும் ஃபிரிட்ஜும் ஓடும் வீட்டில் மொத்த பில் இதனால் பாதியாகாது. பாதிக்கு மேல் குறைவது ஃபேன் இழுக்கும் கரண்ட் மட்டும்தான். இந்த வரியை நம்பி வாங்கியவர் அடுத்த பில்லைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்கு வருவார். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும் என்பதையும் சொன்னேன். அப்புறம்தான் அந்த வரியை விட்டார்.

மூன்றாவதை எழுதும் முன், தாளில் யாரும் கவனிக்காத ஒரு வரியில் நின்றேன்: 140 முதல் 285 வோல்ட். "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று அவர்களுடைய இன்ஜினியரைக் கேட்டேன். அவர் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக் என்ற கருவியில் ஃபேனை இணைத்து, 230லிருந்து மெல்ல இறக்கினார். பக்கத்தில் ஓடிய பழைய ஃபேன் தளர்ந்து தளர்ந்து சுற்றியது. இது 140 வரை அதே வேகத்தில் ஓடியது. அந்த இரண்டு நிமிடத்தில் விளம்பரம் கிடைத்துவிட்டது:

"மே மாத ராத்திரி. தெருவெல்லாம் ஏசி ஓடுகிறது, வோல்டேஜ் இறங்குகிறது. உங்கள் ஃபேன் மட்டும் சோராது. 140 வோல்ட்டிலும் அதே வேகம். பழைய 75 வாட் ஃபேனின் இடத்தில் இது 28 வாட்தான். தினம் 15 மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் இரண்டு மாதத்தில் சுமார் 42 யூனிட் மிச்சம். விடியற்காலையில் குளிர்ந்தால் எழுந்திருக்க வேண்டாம், ரிமோட் தலையணைக்குப் பக்கத்தில்."

தாளில் இருந்த எண்களில் இரண்டைத்தான் எடுத்தேன். 350 ஆர்.பி.எம்.மும் 220 கன மீட்டரும் கீழே அட்டவணையில் இருக்கட்டும். தேடுகிறவர் அங்கே பார்த்துக்கொள்வார். 'முழு வேகத்தில்' என்ற சொல்லை நீக்கச் சொன்னார்கள், நான் விடவில்லை. எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் வைத்து மெதுவாக ஓட்டினால் பழைய ஃபேனும் குறைவாகத்தான் இழுக்கும், அப்போது 42 வராது.

ஒன்றில் மட்டும் நான் தவறினேன். ரெகுலேட்டர் வரி துள்ளலைக் கெடுக்கிறது என்று அதை அட்டவணையின் அடியில் தள்ளிவிட்டேன். சில வாரங்களில் தி.நகர் கடை ஒன்றிலிருந்து ஃபேன்கள் திரும்பி வந்தன. விட்டு விட்டு ஓடுகிறது, மோட்டாரில் உறுமல் வருகிறது என்று புகார். மோட்டாரில் கோளாறே இல்லை. சுவரில் இருந்த பழைய ரெகுலேட்டரைக் கழற்றாமல் அதன் வழியாகவே இணைத்திருந்தார்கள். இப்போது அந்த வரி ரிமோட் வாக்கியத்துக்கு அடுத்தபடியே இருக்கிறது: "வேகம் முழுக்க ரிமோட்டில், சுவர் ரெகுலேட்டரை எலக்ட்ரீஷியனை வைத்துக் கழற்றிவிட்டு நேராக ஸ்விட்சில் இணையுங்கள்."