நாலு அறை, நாலு போட்டோ: எந்தச் சுவருக்கு முதலில் கொத்தனார்?

போன மார்ச் மாதம் மயிலாடுதுறையில் இருக்கும் அக்கா வாட்ஸ்அப்பில் நான்கு போட்டோ அனுப்பினாள். 1998-ல் கட்டிய தரைத்தள வீடு, மேலே மொட்டை மாடி. முதல் படத்தில் கூடத்து ஜன்னல் மூலையிலிருந்து கூரை நோக்கிச் சாய்வாக ஓடும் விரிசல். இரண்டாவதில் வாசல் அறைச் சுவரின் அடிப்பகுதி முழுக்க உப்புப் பூத்து, பெயின்ட் செதில் செதிலாக உரிந்திருந்தது. மூன்றாவது, குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரமும் கறுப்புப் பூஞ்சையும். நான்காவது பின்கட்டு அறையின் கூரை. அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்பு வளையம், அதன் நடுவே தலைமுடி போல ஒரு கோடு.

“தம்பி, கையில 60,000 ரூபாய் இருக்கு. கூடத்து விரிசலைத்தான் முதல்ல பார்க்கணும்னு நினைக்கிறேன், பயமா இருக்கு” என்று கூடவே எழுதியிருந்தாள்.

இருபது வருஷமாகக் கட்டட வேலை மேற்பார்வை பார்க்கிறேன். இப்படி வரும் படங்களைப் பார்த்தவுடன் எது பயமுறுத்துகிறதோ அதையே முதலிடத்தில் வைப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. கைபேசியைச் சுவருக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் மயிரிழை விரிசலும் பள்ளத்தாக்கு மாதிரி தெரியும். பத்தடி தள்ளி நின்று எடுத்தால் ஆபத்தானதும் அழுக்குக் கறை மாதிரி தெரியும். அதனால் நாலையும் மறுபடி எடுக்கச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அறை முழுதும் தெரிய ஒரு படம், முழங்கை தூரத்தில் இன்னொன்று. விரிசலுக்குப் பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயம் இருக்க வேண்டும். அதன் குறுக்களவு 27 மி.மீ., அளவு புரிய அது போதும். ஃபிளாஷ் வேண்டாம், டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடிக்க வேண்டும். பூச்சு உப்பியிருந்தால் அப்போதுதான் நிழல் விழும்.

புதிய படங்கள் வந்ததும், நாலையும் மொத்தமாக வரிசைப்படுத்தாமல் இரண்டிரண்டாக வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே கேள்வி: இரண்டையும் அடுத்த மழைக்காலம் முடியும்வரை அப்படியே விட்டால் எது அதிகம் கெடும்?

முதலில் விரிசலும் விரிசலும். கூடத்து விரிசலில் எழுத்துப் புடைக்காத ஏ.டி.எம். கார்டை நுழைத்துப் பார்க்கச் சொன்னேன். கார்டின் தடிமன் முக்கால் மி.மீ. அளவு. இரண்டு கார்டு சேர்ந்து நுழைந்தது, மூன்று நுழையவில்லை. அப்படியென்றால் அகலம் சுமார் இரண்டு மி.மீ. கூரையில் இருந்த கோட்டுக்குள் ஒரு கார்டின் முனைகூடப் போகவில்லை. படத்தை மட்டும் பார்த்தால் கூடம்தான் ஜெயிக்கும். ஆனால் ஒன்று செங்கல் சுவர், மற்றது கான்கிரீட். இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்கக் கூடாது. செங்கல் சுவரில் ஐந்து மி.மீ. வரையான விரிசலை, இங்கிலாந்தின் கட்டட ஆராய்ச்சி நிலையம் வகுத்த பட்டியல், பூச்சோடு சரிசெய்யக்கூடிய லேசான சேதம் என்றுதான் சொல்கிறது. கான்கிரீட்டுக்கோ நம் நாட்டு ஐ.எஸ். 456 விதி பொதுவாக 0.3 மி.மீ.யைத் தாண்டக் கூடாது என்கிறது. காரணம், கான்கிரீட்டுக்குள் கம்பி இருக்கிறது.

அந்தக் கூரைக் கோட்டில் மூன்று விஷயம் என் கண்ணில் பட்டது. கோடு வளையாமல் நேராக இருந்தது. அதற்கு இணையாக, சுமார் 15 செ.மீ. தள்ளி, இன்னும் மெலிதாக இன்னொன்று தொடங்கியிருந்தது. இரண்டின் ஓரத்திலும் காவி நிறக் கசிவு. கூரைக் கம்பிகள் ஏறக்குறைய அந்த இடைவெளியில்தான் கட்டப்படும். அப்படியானால் விரிசல் கம்பியின் மேலேயே ஓடுகிறது. தண்ணீரும் காற்றும் சேர்ந்து கம்பி துருப்பிடிக்கும்போது, துரு அசல் இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அது உள்ளிருந்து தள்ள, கம்பிக்குக் கீழே இருக்கும் 20 மி.மீ. கான்கிரீட் மூடுதான் பிளக்கிறது. ஒருநாள் அது பலகை பலகையாக விழும்.

இதைப் படம் மட்டும் உறுதிப்படுத்தாது. ஒட்டடைக் கம்பின் மரப்பிடியால் தட்டிப் பார்த்து, சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பச் சொன்னேன். சுற்றியிருந்த இடமெல்லாம் ‘டக் டக்’ என்று கெட்டியாகக் கேட்டது. வளையத்தை ஒட்டி இரண்டு கை அகலத்துக்கு ‘பொத் பொத்’ என்றது. அந்த இடத்துக்கு நேர் கீழே மாமாவின் கட்டில். கட்டிலை அன்றைக்கே நகர்த்தச் சொல்லிவிட்டேன்.

அடுத்து ஈரமும் ஈரமும். பார்வைக்கு வாசல் அறைதான் மோசம். நாலு படத்திலும் அதுதான் அசிங்கமாக இருந்தது, விருந்தாளி கண்ணில் முதலில் படுவதும் அதுதான். ஆனால் அது தரையிலிருந்து ஏறுகிற ஓதம். தெருவில் சாலை மேல் சாலையாகப் போட்டு மட்டம் ஏறிவிட்டது, அக்கா வீட்டு அடிமட்டம் இப்போது மண்ணுக்குள் இருக்கிறது. மண்ணின் ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறி, ஆவியாகும் இடத்தில் உப்பை விட்டுப்போகிறது. பூச்சு உதிருமே தவிர, இன்னும் இரண்டு வருஷம் விட்டாலும் சுவருக்குப் பெரிய கேடு இல்லை. இங்கே அவசரப்பட்டு வாட்டர்ப்ரூஃப் பட்டியோ டைல்ஸோ அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் ஓரடி மேலே ஏறி அங்கே பூக்கும். பக்கத்து வீட்டில் அப்படித்தான் ஆகியிருக்கிறது என்று அக்காவே சொன்னாள்.

படுக்கையறைச் சுவர் வேறு மாதிரி. அங்கே உப்பு இல்லை, ஈரம் நசநசவென்று இருந்தது. அறை முழுதும் தெரியும் படத்தில்தான் முக்கியமானது கிடைத்தது. பூஞ்சையின் மேல்விளிம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு ப்ளக் பாயின்ட். ஈரச் சுவருக்குள் மின்பெட்டி இருந்தால் வரிசை பற்றிய பேச்சே பிறகுதான். அந்த அறைக்கான எம்.சி.பி.யை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொன்னேன். அவர் அந்தப் பாயின்டின் இணைப்பைத் துண்டித்து, மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றை மெயினில் போட்டுக் கொடுத்தார். பழைய வீடு என்பதால் அது இல்லாமலே இத்தனை வருஷம் ஓடியிருக்கிறது.

அப்புறம் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஈரத்தின் விளிம்பைப் பென்சிலால் வரைந்து தேதி போடச் சொன்னேன். நான்கு நாள் அந்தக் குளியலறையில் யாரும் குளிக்கக் கூடாது, ஆனால் குழாய் வால்வு திறந்தே இருக்க வேண்டும். குழாய் உடைந்திருந்தால் குளிக்காவிட்டாலும் ஈரம் குறையாது. தரை வழியாக இறங்குவதாக இருந்தால் காயத் தொடங்கும். ஐந்தாம் நாள் வந்த படத்தில் விளிம்பு பென்சில் கோட்டிலிருந்து இரண்டு விரல்கடை கீழே இறங்கியிருந்தது. அப்படியென்றால் குழாயைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. தரை டைல்ஸின் இணைப்போ, தண்ணீர் இறங்கும் நஹானி ட்ராப்பைச் சுற்றியோதான் கசிகிறது. சுவரை உடைத்துக் குழாய் தேடும் செலவு மிச்சம்.

முதல் ஜோடியில் கூரை ஜெயித்தது, இரண்டாவதில் குளியலறைச் சுவர். இந்த இரண்டையும் எதிரெதிரே வைத்தால் தீர்ப்பு சுலபம் இல்லை. ஆபத்து என்று பார்த்தால் கூரைதான் முதல். குளியலறையில் மின்சாரத்தைத் துண்டித்ததும் உயிராபத்து போய்விட்டது. ஆனால் வேலை செய்யும் வரிசை வேறு. கூரையை அடியிலிருந்து தொடங்க முடியாது. மேலே தண்ணீர் நிற்பதை நிறுத்தி, கான்கிரீட் நன்றாகக் காய்ந்த பிறகுதான் கீழே கை வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் கீழே மட்டும் பூசிக் கொடுக்கும் கொத்தனார்கள் உண்டு. பூச்சு ஒரு மழையைத் தாண்டாது, துரு உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும்.

மொட்டை மாடியில் அதே இடத்தைப் படமெடுத்து அனுப்பினாள். தொட்டி நிரம்பி வழியும் குழாய் அங்கேதான் முடிந்தது. தட்டோட்டு இணைப்பில் ஒரு அரசங்கன்று, நாலு இலையோடு. மோட்டாரை நிறுத்த மறக்கிற ஒவ்வொரு காலையும் அதற்குத் தண்ணீர் கிடைத்திருக்கிறது.

ஏப்ரலில் வேலை தொடங்கியது. வழியும் குழாயை நீட்டி மழைநீர்க் குழாயில் விட்டார்கள். கன்றை வேரோடு எடுக்க இரண்டு ஓடுகளைப் பெயர்க்க வேண்டியிருந்தது, அதன் கீழே இருந்த சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த சுர்க்கி ஈரமாக மாவு போல் இருந்தது. அந்தப் பகுதியை வாட்டம் பார்த்துப் புதிதாகப் போட்டார்கள். அது காய்ந்துகொண்டிருந்த நாட்களில் குளியலறை இணைப்புகளைச் சுரண்டி எபாக்ஸி போட்டு அடைத்தார்கள். ஒன்றரை நாள் வேலை, சின்னச் செலவு. ஆபத்தில் இரண்டாவது வந்தது வேலையில் முந்திக்கொண்டது அப்படித்தான்.

மே மாதக் கடைசியில் கூரையின் அடிப்பக்கம். முட்டுக் கொடுத்துவிட்டு, பொத்தென்ற இடம் முழுவதையும் கொத்தி எடுத்தார்கள். மூன்று கம்பிகள் தெரிந்தன. கம்பியின் பின்பக்கமும் விரல் நுழையும் அளவு கொத்தி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துத்தநாக ப்ரைமர் அடித்து, பாலிமர் கலந்த கலவையால் அடைத்தார்கள். தேய்த்த பிறகு கம்பி நல்ல தடிமனோடு இருந்தது. பாதி தின்றுபோயிருந்தால் புதுக் கம்பி சேர்க்கவேண்டி வந்திருக்கும், அதை நேரில் பார்த்து ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர்தான் சொல்ல வேண்டும்.

கூடத்து விரிசலை இன்னும் தொடவில்லை. டெல்டாவின் களிமண் கோடையில் சுருங்கி மழையில் உப்பும், மூலை அஸ்திவாரம் அதோடு இறங்கி ஏறும். விரிசல் விரிந்திருக்கும் கோடையில் சிமென்ட் வைத்து அடைத்தால், மழையில் சுவர் மூடிக்கொள்ள இடமின்றி அடுத்த கோடையில் பக்கத்திலேயே புதிதாகப் பிளக்கும். அதனால் விரிசலின் இரு முனையிலும் பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதியிருக்கிறோம். கோட்டைத் தாண்டி நீண்டாலோ, ஜன்னல் கதவு இறுகினாலோ, வெளிச்சுவரிலும் அதே இடத்தில் தெரிந்தாலோ அது உடனே வரிசையில் மேலே வரும்.

நவம்பர் நடுவில், பத்து நாள் மழைக்குப் பிறகு, அக்கா மறுபடி படம் அனுப்பினாள். மேல்முனை அதே பென்சில் கோட்டில் நின்றிருந்தது. விரிசலில் ஒரு கார்டு கஷ்டப்பட்டு நுழைந்தது, இரண்டாவது நுழையவில்லை. வருகிற மே மாதம் அதே நாணயத்தை வைத்து, அதே இடத்தில் நின்று இன்னொரு படம் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.