கார்னர் சராசரி விற்பவரிடம் காசு கொடுக்கும் முன்

டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம், கால்பந்து ஆட்டத்தில் பெட் போடுவதற்கென்று வாட்ஸப்பில் கார்னர் கணக்கு விற்கிற ஒருவரிடம் நான் ஏமாந்தேன். மூன்று மாதச் சந்தா 750 ரேண்ட், அவர் சொன்னபடி ஐந்து வாரம் பெட் போட்டதில் போனது 2,600 ரேண்ட். பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அவர் என்ன செய்தார் என்பதை முழுசாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே ஷீட் வேறு பெயர்களிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

நண்பர் ஒருவர் மூலமாகத்தான் அறிமுகம். "தம்பி, யார் ஜெயிப்பார்கள் என்று பார்க்காதே, கார்னரைப் பார். அதில் புக்கிகளுக்கே கவனம் கிடையாது" என்றார். நம் தென்னாப்பிரிக்க லீக்கான பி.எஸ்.எல். ஆட்டங்களுக்கு ஒவ்வொரு வாரமும் ஒரு எக்செல் ஷீட் அனுப்புவார். ஒரு அணி சராசரியாக எத்தனை கார்னர் வாங்குகிறது, எதிரணிக்கு எத்தனை கொடுக்கிறது, பந்து அவர்களிடம் எத்தனை சதவீத நேரம் இருக்கிறது, எல்லாம் இருக்கும். பார்க்க நேர்த்தியாகத்தான் இருந்தது.

நான் அதிகமாகப் பணம் போட்ட ஆட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன். சொந்த ஊர் அணி ஒரு ஆட்டத்துக்கு 6.5 கார்னர் வாங்குகிறது, வந்த அணி 6.1 கொடுக்கிறது, நடுவில் எடுத்தால் 6.3. வந்த அணி 4.9 வாங்குகிறது, சொந்த ஊர் அணி 4.5 கொடுக்கிறது, நடுவில் 4.7. கூட்டினால் 11. புக்கி வைத்த கோடு 9.5, ஓவருக்கு, அதாவது அதைவிட அதிகம் விழும் என்பதற்கு, ஆட்ஸ் 1.85. பாய்சான் கணக்கில் இதைப் போட்டுப் பார்க்கலாம்:

```
=1-POISSON.DIST(9,11,TRUE)
```

0.66 வரும், அதாவது நூற்றுக்கு 66 தடவை பத்தோ அதற்கு மேலோ கார்னர் விழும். 1.85 ஆட்ஸில் நஷ்டம் வராமல் இருக்க 54 தடவை விழுந்தால் போதும். அப்படியானால் 100 ரேண்டுக்கு 22 ரேண்ட் லாபம். யாருக்குத்தான் கை நீளாது?

அந்த ஆட்டத்தை நான் மைதானத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். 12-ஆவது நிமிடத்தில் சொந்த ஊர் அணி கோல் போட்டது, இடைவேளைக்குள் இன்னொன்று. அப்புறம் அவர்களுக்கு அவசரமே இல்லை. தடுப்பாட்டக்காரர்களுக்குள்ளேயே பந்தைத் தள்ளித் தள்ளி நேரத்தைக் கழித்தார்கள். பந்து அவர்களிடம் 60 சதவீதத்துக்கு மேல் இருந்தது, கார்னர் மூன்றுதான். எதிரணிக்கு நான்கு. மொத்தம் ஏழு.

பந்து யாரிடம் அதிகம் இருக்கிறதோ அவர்களுக்குக் கார்னர் அதிகம் என்று அவர் ஷீட்டில் நேரடியாக எடுத்துக்கொண்டிருந்தார். அது தப்பு. ஓரத்திலிருந்து போடுகிற கிராஸ் எதிரணிக்காரன் காலில் பட்டு வெளியே போக வேண்டும், அல்லது ஷாட்டை கோல்கீப்பர் தட்டிவிட வேண்டும். பெரும்பாலான கார்னர் அப்படித்தான் வருகிறது. நடுவழியாகவே சின்னச் சின்ன பாஸில் ஆடுகிற அணி 65 சதவீதம் பந்தை வைத்திருந்தாலும் கார்னர் குறைவாக வாங்கலாம். ஓரத்தில் வேகமாக ஓடும் விங்கர்கள் உள்ள அணி 45 சதவீதத்திலேயே நிறைய வாங்கலாம். எதிரணி எப்படிப்பட்டது என்பதும் முக்கியம். பின்னால் கூட்டமாக நின்று எல்லாவற்றையும் கோல் கோட்டுக்கு வெளியே அடிக்கிற அணி கார்னரைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கிராஸைக் கையில் பிடித்துக்கொள்ளும் நல்ல கீப்பர் இருந்தால் அதே ஆட்டத்தில் குறைவாகத்தான் வரும். அதோடு, பின்தங்கிய அணிதான் கடைசி அரை மணி நேரம் அடித்துக்கொண்டு மேலே வரும். பலமான அணி சீக்கிரம் முன்னிலை பெற்றுவிட்டால் அதன் கார்னர் குறையும்.

சரி, ஆட்டம் இப்படியும் போகும், ஒரு தோல்வியை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது. எனக்குச் சந்தேகம் வந்தது அதற்கு முந்தைய வாரப் பெட்டில். கடைசி நிமிடத்தில் பத்தாவது கார்னர் கொடுத்தார்கள், எடுப்பதற்குள் நடுவர் விசில் ஊதிவிட்டார். புக்கி ஒன்பது என்று முடித்தார். நான் கேட்டேன். பெரும்பாலான புக்கிகளின் விதிப்படி எடுத்த கார்னர்தான் கணக்கு, கொடுத்த கார்னர் இல்லை. 90 நிமிடமும் காயநேரமும் மட்டும், கூடுதல் நேரம் சேராது. அப்படியானால் ஷீட் விற்றவருடைய 6.5 எந்தக் கணக்கு? அவரிடமே இதைக் கேட்டதும் "அது தொழில் ரகசியம் தம்பி" என்றார்.

ரகசியம் என்னவென்று நானே தேடினேன். சராசரிக்குப் பின்னால் இருந்த ஆட்டப் பட்டியலை ஷீட்டில் மறைத்து வைத்திருந்தார், வலது கிளிக்கில் திறந்தது. சொந்த ஊர் அணியின் எட்டு ஆட்டம், மொத்தம் 52 கார்னர். முழு வீடியோ கிடைத்தவற்றை எடுத்து, பென்சிலும் தாளுமாக இரண்டு இரவு எண்ணினேன்.

அதில் ஒரே ஆட்டம் இரண்டு தடவை இருந்தது. ஒத்திவைத்த ஆட்டம், பழைய தேதியில் ஒன்று, புதுத் தேதியில் ஒன்று, இரண்டிலும் 9 கார்னர். இரண்டு ஆட்டம் நாக் அவுட் கோப்பைப் போட்டி, கூடுதல் நேரத்துக்குப் போனவை. அந்த அரை மணி நேரத்தில் விழுந்த 5 கார்னரும் சேர்ந்திருந்தது. அவற்றைக் கழித்தால் ஏழு ஆட்டத்துக்கு 38. அப்புறம் சீசனின் ஆட்ட அட்டவணையோடு ஒப்பிட்டால் இரண்டு சொந்த ஊர் ஆட்டத்தையே காணோம். புள்ளிவிவரம் காலியாக இருந்ததால் வரியையே நீக்கியிருக்கிறார். அவற்றில் விழுந்தது 3, 2. எல்லாம் சேர்த்து ஒன்பது ஆட்டத்துக்கு 43. சராசரி 4.8, ஆறரை இல்லை.

மற்ற மூன்று எண்களையும் இதே மாதிரி சுத்தம் செய்தேன். வந்த அணி கொடுப்பது 5.2, வாங்குவது 3.9, சொந்த ஊர் அணி கொடுப்பது 4.1. மொத்தம் 11 இல்லை, 9. அதே கணக்கில் 11-க்குப் பதில் 9 போட்டால் 66 சதவீதம் 41 ஆகிறது. 22 ரேண்ட் லாபம் என்று நினைத்த இடத்தில் 100 ரேண்டுக்கு 24 ரேண்ட் நஷ்டம். நான் கெட்ட நேரத்தில் தோற்கவில்லை, போட்ட நிமிடத்திலேயே தோற்றிருந்தேன்.

இந்த 9-ஐயும் நான் கல்லில் எழுதியதாகச் சொல்லவில்லை. ஒன்பது ஆட்டம் கொஞ்சம்தான். ஆட்டத்துக்கு ஐந்து போல விழும் ஒன்றின் சராசரியை ஒன்பது ஆட்டத்தில் எடுத்தால் முக்கால் கார்னர் இப்படியோ அப்படியோ தப்பலாம். ஆகவே புக்கியின் கோட்டுக்கும் உங்கள் எண்ணுக்கும் அரை கார்னர் வித்தியாசம் தெரிந்தால் அது வித்தியாசமே இல்லை.

யாராவது உங்களிடம் கார்னர் ஷீட் விற்க வந்தால் சராசரியை வாங்காதீர்கள், ஆட்டம் ஆட்டமாகத் தேதியோடு பட்டியல் கேளுங்கள். ஐரோப்பிய லீக்குகளுக்கு football-data.co.uk தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. HC சொந்த ஊர் அணியின் கார்னர், AC வந்த அணியின் கார்னர், ஒவ்வொரு ஆட்டமும் தனி வரி. விற்பவரின் பட்டியலை அணியின் முழு அட்டவணையோடு வைத்து, காணாமல் போன தேதியும் இரட்டை வரியும் இருக்கிறதா என்று பாருங்கள். கோப்பை ஆட்டம் 120 நிமிடமா என்று கேளுங்கள். மூன்று ஆட்டத்தின் வீடியோவை நீங்களே எண்ணிப் பாருங்கள். ஒரே ஒரு ஆட்டத்தில் ஒரு கார்னர் மாறினால் எடுத்தது, கொடுத்தது குழப்பமாக இருக்கலாம். மூன்றிலும் மாறினால் விட்டுவிடுங்கள்.

நான் எண்ணிய தாளைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பி, 750 ரேண்டைத் திருப்பிக் கேட்டேன். இரண்டு நீலக் குறி விழுந்தது. அன்று சாயங்காலமே என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார். போன வெள்ளிக்கிழமை என் மைத்துனருக்கு அவரிடமிருந்து ஷீட் வந்திருக்கிறது. அந்த அணிக்கு இன்னும் 6.5 என்றுதான் இருக்கிறது.