யாழ் ரவுணில "எக்ஸ்போர்ட் மிச்சம்" எண்டு விக்கிற அடிடாஸ் ரீசேட், லேபிளப் பாத்து வாங்குங்கோ

ரவுணில ஒரு கடையில போன கிழமை அடிடாஸ் ரீசேட் ஒண்டு 4,500 ரூவாக்கு எடுத்தனான். பக்டரி எக்ஸ்போர்ட் மிச்சம், ஒறிஜினல் எண்டுதான் தந்தவர். துணி மோசமில்ல, அதாலதான் கனபேர் இதில மாட்டுப்படுறது. வீட்ட வந்து மச்சான் கனடாவில இருந்து கொண்டு வந்த ரீசேட்டுக்குப் பக்கத்தில வைச்சுப் பாத்தா கழுத்து லேபிளிலயே விசயம் வெளிச்சிட்டுது.

அடிடாஸ் எண்ட பேரை இங்கிலிஸ் சின்ன எழுத்திலதான் போடுறவை, அதில ஏ, டி ரெண்டுக்கும் வயிறு ஒரே வட்டம், டிக்கு கோடு மட்டும் உயரும், அவ்வளவுதான் வித்தியாசம். என்ட ரீசேட்டில வட்டம் முட்டை மாதிரி நிக்குது. ஏனெண்டா லேபிளுக்குள்ள அடக்க எழுத்தைப் பக்கவாட்டில நசுக்கியிருக்கிறாங்கள், அப்பிடி நசுக்கினா நிக்கிற கோடு மெலியும், வட்டத்தின்ர மேல் கீழ் பக்கம் தடிப்பாவே கிடக்கும். ஒறிஜினலில எல்லாப் பக்கமும் ஒரே தடிப்பாத்தான் கண்ணுக்குத் தெரியும். ஐக்கு மேல இருக்கிற புள்ளி சதுரம், இதில உருண்டை 😡

அடுத்தது இடைவெளி. டியும் ஐயும் பக்கத்தில வரேக்க ரெண்டு நேர்க்கோடு ஒட்டி நிக்கும், வட்டத்துக்குப் பக்கத்தில விடுற அதே இடைவெளிய அங்கயும் விட்டா நெருக்கின மாதிரித் தெரியும், ஒழுங்கா லோகோ கீறுறவை அதைப் பாத்து கண்ணுக்குச் சமனா வாறமாதிரித் திருத்துவினம், கொம்பியூட்டரில கிடந்த ஏதோ பொன்ற்றில பேரை அடிச்சு விடுறவனுக்கு உது விளங்காது. லேபிளை நேரா வைச்சுப் போட்டோ எடுத்து, பெருசாக்கி, தலைகீழாத் திருப்பிப் பாருங்கோ. வாசிக்க ஏலாமப் போக இடைவெளி மட்டும்தான் கண்ணில படும்.

ஒண்டு கவனிக்கோணும், நெய்த லேபிளை நெய்ததோடதான் ஒப்பிடுங்கோ, துணியில அச்சடிச்சதோட இல்ல. நெய்யேக்க சின்ன எழுத்தின்ர விளிம்பு ஒறிஜினலிலயும் கொஞ்சம் படிக்கட்டா வரும், அதை மட்டும் வைச்சுக் கள்ளச்சாமான் எண்டு சொல்லேலாது. உள்லேபிளில இருக்கிற ஆர்ட்டிக்கிள் நம்பரையும் தேடிப் பாத்தன், ஒரு சப்பாத்து வருது 😂 ஆனா நம்பர் சரியா வந்தாலும் நம்பேலாது, ஒறிஜினல் ஒண்டைப் பாத்து அப்பிடியே கொப்பி பண்ணலாம் தானே.

திருப்பிக் கொண்டு போனா "அது வேற பக்டரி தம்பி, லேபிள் கொஞ்சம் மாறித்தான் வரும்" எண்டுறார். பக்டரி மாறினா துணி மாறும், நூல் மாறும், லேபிளின்ர டிசைன் கூட வருசத்துக்கு வருசம் மாறும், லோகோவின்ர எழுத்து எப்பிடி அண்ணை மாறும், அதைக் கொம்பனி தானே குடுக்குது எண்டு கேட்டன். காசு தரமாட்டாராம், வேற சாமான் எடுக்கட்டாம். பில்லில "ரீசேட் 1" எண்டு மட்டும்தான் கிடக்கு.

நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977க்கு அடிச்சு முறையிடலாம், ஆனா பில்லில பேர் இல்லாட்டி அடிடாஸ் எண்டு வித்ததை எப்பிடிக் காட்டுறது. காசு குடுக்க முதல் பில்லில பிராண்ட் பேரையும் "ஒறிஜினல்" எண்டதையும் எழுதச் சொல்லுங்கோ, எழுத மாட்டன் எண்டா சாமானை வைச்சிட்டு வாங்கோ.